முட்டைப் பால்: மஞ்சள் கருவை எத்தனை டிகிரி வரை சூடாக்குவது?

கேள்வி: மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. சூடான பாலில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி அடித்துக் கொடுத்தால் உடம்புக்குத் தெம்பு என்று அவள் மாமியார் சொல்கிறார். டாக்டரோ பச்சை முட்டை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மஞ்சள் கருவைப் பாலோடு சேர்த்து அடுப்பில் வைத்தால் துகள் துகளாகத் திரிந்துவிடுகிறது. திரியாமல், பயமில்லாமல் கொடுக்க எப்படிச் செய்வது? எத்தனை டிகிரி வரை சூடாக்க வேண்டும்?

பதில்: 75 டிகிரி செல்சியஸ். 71 டிகிரியைத் தொட்டாலே போதும் என்பது பொதுவான பாதுகாப்பு அளவு. 82 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள் கரு திரியத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பத்துப் பதினோரு டிகிரிதான் உங்களுக்குக் கிடைக்கிற இடம். நான் கஸ்டர்ட் வகைகளைச் சொல்லிக்கொடுக்கிறவள். முட்டைப் பாலும் அந்தக் குடும்பம்தான், கொஞ்சம் தண்ணியாக இருக்கும், அவ்வளவே. அதனால் கஸ்டர்டுக்கு உள்ள முறையே இதற்கும் அப்படியே பொருந்தும்.

டாக்டர் சொன்னது சரி. முட்டையில் நாம் பயப்படுவது சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு. ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் எச்சத்திலிருந்து அது வரும் என்று பலருக்கும் தெரியும். அதனால் ஓட்டைக் கழுவிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு வகை, கோழியின் சினைப்பையிலேயே தங்கி, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும். வெளியே பளிச்சென்று இருக்கிற, விரிசல் இல்லாத, இன்று காலையில் இட்ட முட்டைக்குள்ளும் அது இருக்கலாம். பெரும்பாலான முட்டைகளில் இருக்காது. ஆனால் எதில் இருக்கிறது என்று பார்த்தோ மோந்தோ கண்டுபிடிக்க வழியே இல்லை. நம் ஊர் வெயிலில் முட்டை வெளியே பல நாள் கிடந்தால் மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு தளர்ந்துபோகும். வெள்ளைக் கருவில் ஒன்றிரண்டாக இருந்த கிருமி மஞ்சள் கருவுக்குள் போய்ச் சேர்ந்தால் அங்கே அதற்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வேகமாகப் பெருகும்.

நாட்டுக்கோழி முட்டை என்றால் பச்சையாகக் குடிக்கலாம் என்பதையும் உங்கள் சம்பந்தி சொல்லக்கூடும். நாட்டுக்கோழிக்கும் இந்தக் கிருமி வரும். வெளியே மேய்கிற கோழி எதைக் கொத்தித் தின்றது என்று யாருக்கும் தெரியாது. ஓட்டின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி, சூடான பாலில் உடைத்து ஊற்றினால் முட்டை வெந்துவிடாதா என்ற கேள்வி. வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான், அதனால் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். ஒரு டம்ளரில் 150 மில்லி பால் இருக்கிறது. குடிக்கிற சூடு, அதாவது 65 டிகிரி. அதில் அறைச் சூட்டில், 28 டிகிரியில் இருக்கிற ஒரு முழு முட்டையை ஊற்றுகிறீர்கள். ஓடு நீங்கலாக முட்டை 50 கிராம் இருக்கும். பாலின் சூட்டில் ஒரு பங்கு முட்டைக்குப் போகும். இரண்டும் கலந்து நிற்கிற இடம் சுமார் 57 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையாக இருந்தால் 52 டிகிரிதான் வரும். அதுவும் டம்ளர் உறிஞ்சிக்கொள்கிற சூட்டையும் காற்றில் போகிற சூட்டையும் கணக்கில் சேர்க்காமல். கையில் பிடித்தால் சுடுகிறது, ஆவி பறக்கிறது, குடித்தால் நாக்கில் சுருக்கென்கிறது. ஆனாலும் அந்த முட்டை பச்சை முட்டைதான்.

சரி, பால் பொங்கியவுடனே அப்படியே ஊற்றினால்? டம்ளருக்கு வரும்போது பால் 90 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொள்கிற சூட்டையும் கழித்தால் கலவை 73, 74 டிகிரி வரை போகலாம். காகிதத்தில் பார்க்க நன்றாக இருக்கிறது. அடுப்படியில் நடப்பது வேறு. கொதிக்கிற பால் பட்ட இடத்தில் வெள்ளைக் கரு உடனே வெந்து நூல் நூலாகத் திரண்டுவிடும். அந்தத் திரளுக்குள் மாட்டிக்கொண்ட பகுதிக்குச் சூடு முழுசாகப் போகாது. கொஞ்சம் மெதுவாக ஊற்றினாலோ, பால் அரை நிமிஷம் ஆறியிருந்தாலோ, முட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தாலோ 71 கைக்கு எட்டாமல் போய்விடும். ஒரு நாள் சரியாக வரும், இன்னொரு நாள் வராது. எந்த நாள் வந்தது என்று நமக்குத் தெரியவும் தெரியாது. கர்ப்பிணிக்குக் கொடுக்கிற ஒன்றை இப்படி அதிர்ஷ்டத்தில் விட முடியாது. அதனால் பாலும் முட்டையும் சேர்ந்த பிறகு அந்தக் கலவையே மறுபடி அடுப்பேற வேண்டும். முறை முழுவதும் இதற்காகத்தான்.

முழு முட்டையை விட்டுவிட்டு மஞ்சள் கருவை மட்டும் எடுக்கச் சொல்வதற்கும் காரணம் சூடுதான். வெள்ளைக் கரு 61, 62 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். அதாவது பாதுகாப்பான சூட்டை எட்டுவதற்கு முன்பே அது நூலாகிவிடும். மஞ்சள் கரு தனியாக இருந்தால் 65இல் கெட்டியாகத் தொடங்கி 70இல் நன்றாக இறுகிவிடும். ஆனால் அதைப் பாலில் கரைத்து, சர்க்கரையும் சேர்த்துவிட்டால் புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள முடியாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. அதனால் திரிகிற சூடு 80க்கு மேல் ஏறிவிடுகிறது. உங்களுக்கு 71க்கும் 82க்கும் நடுவில் இடம் கிடைப்பது இதனால்தான். பாலின் அளவைக் குறைத்தால் இந்த இடமும் குறுகிவிடும்.

சர்க்கரையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது முட்டையைத் திரியாமல் காப்பது போலவே கிருமியையும் கொஞ்சம் காப்பாற்றும். தொழிற்சாலைகளில் மஞ்சள் கருவைப் பாஸ்சரைஸ் செய்வதற்கு அமெரிக்காவில் முன்பு விதித்திருந்த அளவைப் பாருங்கள். வெறும் மஞ்சள் கருவுக்கு 61.1 டிகிரியில் மூன்றரை நிமிஷம். சர்க்கரை சேர்த்த மஞ்சள் கருவுக்கு அதே மூன்றரை நிமிஷம், ஆனால் 63.3 டிகிரி. வீட்டு அடுப்பில் 63 டிகிரியில் மூன்றரை நிமிஷம் அசையாமல் நிறுத்துவது நடக்காத காரியம். அதனால் வீட்டுக்கு வேறு அளவு: முட்டை சேர்ந்த எந்தப் பண்டமும் 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு, 70 டிகிரியில் இரண்டு நிமிஷம் என்பது பிரிட்டனின் கணக்கு. நான் 75 வரை கொண்டுபோய் ஒரு நிமிஷம் அங்கேயே வைத்திருக்கச் சொல்வேன். இரண்டு கணக்குக்கும் அது போதும். தெர்மாமீட்டர் ஒன்றிரண்டு டிகிரி முன்பின் காட்டினாலும் ஆபத்தில்லை, திரிவதற்கும் இன்னும் தூரம் இருக்கிறது.

இப்போது செய்முறை. ஒரு பெரிய டம்ளருக்கு 250 மில்லி பால், இரண்டு மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. பனங்கற்கண்டு பிடிக்கும் என்றால் பாலிலேயே போட்டுக் கரைத்துவிடுங்கள், அப்போது மஞ்சள் கருவில் ஒரு சிட்டிகை சர்க்கரை மட்டும் போதும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கொதிக்கிற பாலைத் திரிய வைத்துவிடக்கூடும். அவற்றைக் கடைசியில், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேர்க்க வேண்டும். ஏலக்காய், மிளகு, மஞ்சள் தூள் எது போடுவதானாலும் முதலிலேயே பாலோடு கொதித்துவிடட்டும்.

பாத்திரம் முக்கியம். அடி கனமான, சின்ன, ஆழமான சட்டியாக எடுங்கள். அகலமான பாத்திரத்தில் 250 மில்லி பால் அடியில் ஒரு படலம் போலத்தான் நிற்கும், சூடு சீக்கிரம் எகிறிவிடும், தெர்மாமீட்டர் முங்கவும் இடம் இருக்காது. வீட்டில் மெல்லிய எவர்சில்வர் பாத்திரம்தான் இருக்கிறது என்றால் நேரடித் தீயில் வைக்க வேண்டாம். இன்னொரு பாத்திரத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதன் வாயில் இதைப் பொருத்தி, அடி தண்ணீரைத் தொடாமல் ஆவியில் சூடாக்குங்கள். நேரம் கூடும், ஆனால் அடிப்பிடிக்காது.

பாலைப் பொங்கவைத்து இறக்கி ஐந்து நிமிஷம் விடுங்கள். அது சுமார் 80 டிகிரிக்கு வரும். அதற்குள் முட்டையைப் பிரித்துக்கொள்ளலாம். ஓட்டின் இரண்டு பாதிக்கும் மாற்றி மாற்றி மஞ்சள் கருவை உருட்டுகிற பழக்கம் வேண்டாம், ஓட்டின் வெளிப்புறம் கருவில் உரசும். ஒரு தட்டில் உடைத்து ஊற்றிக் கரண்டியால் மஞ்சள் கருவை அள்ளிவிடுங்கள். கருவோடு ஒட்டியிருக்கும் வெள்ளை முறுக்குக் கயிறு போன்ற பகுதியையும் எடுத்துவிட்டால் நல்லது. இருந்தாலும் பரவாயில்லை, கடைசியில் வடிகட்டும்போது போய்விடும்.

மஞ்சள் கருவின் மேல் சர்க்கரையைக் கொட்டியதும் உடனே அடிக்க வேண்டும். ஃபோன் வந்தது என்று அப்படியே வைத்துவிட்டுப் போனால், சர்க்கரை பட்ட இடத்தில் கருவிலுள்ள ஈரத்தை இழுத்து, சின்னச் சின்ன மஞ்சள் கட்டிகளாகிவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் அது கரையாது. பலரும் பாலில் முட்டை திரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிற துகள்களில் பாதி இந்தக் கட்டிகள்தான். நிறம் கொஞ்சம் வெளுத்து, கரண்டியைத் தூக்கினால் நாடா போல விழுகிற வரை, ஒரு நிமிஷம் அடித்தால் போதும்.

அடுத்து வருகிற இடத்தில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. மஞ்சள் கருவைப் பாலில் ஊற்றக்கூடாது, பாலைத்தான் மஞ்சள் கருவில் ஊற்ற வேண்டும். அதுவும் ஒரே மூச்சில் அல்ல. ஒரு சின்னக் கரண்டிப் பாலை, ஏறக்குறைய 60 மில்லி, ஒரு கையால் மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே மறு கையால் அடித்துக்கொண்டிருங்கள். அந்த ஒரு கரண்டியிலேயே கரு 55, 60 டிகிரிக்குப் போய்விடும், ஆனால் எந்த ஒரு துளியும் திடீரென்று 80ஐச் சந்தித்திருக்காது. இன்னொரு கரண்டியும் இதே மாதிரி. இப்போது அது கருவாக இல்லை, இளமஞ்சள் பாலாகிவிட்டது. இனி அதைச் சட்டியில் மிச்சமிருக்கும் பாலோடு சேர்த்துவிடலாம்.

சேர்த்ததும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 65ஐ ஒட்டிக் காட்டும். பார்க்க முழுசாக முடிந்துவிட்டது போல இருக்கும். நல்ல நிறம், ஆவி, மணம் எல்லாம் வந்துவிடும். பல குறிப்புகளில் இங்கேயே இறக்கிப் பரிமாறச் சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து இங்கே நிறுத்திவிடாதீர்கள். தேவையான சூடு இன்னும் வரவில்லை.

சட்டியை மிகக் குறைந்த தீயில் வையுங்கள். தட்டையான மரக்கரண்டியோ சிலிக்கான் கரண்டியோ கொண்டு அடியைத் துடைப்பது போல, எட்டு என்ற எண் வடிவில் விடாமல் கிண்டுங்கள். ஓரங்களையும் அவ்வப்போது வழித்துவிட வேண்டும், ஏனென்றால் அடிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள மூலையில்தான் முட்டை முதலில் ஒட்டும். மூன்று நான்கு நிமிஷத்தில் 70 வரும். 73 காட்டும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். சட்டியிலுள்ள சூட்டிலேயே அது 75ஐத் தொடும். தொட்ட பிறகும் ஒரு நிமிஷம் கிண்டிக்கொண்டே இருங்கள். அடுப்பு அணைத்ததும் 75க்குப் போகாமல் இறங்கினால் மறுபடி ஏற்றி அரை நிமிஷம் சூடாக்கலாம், கெட்டுப்போகாது. பிறகு டீ வடிகட்டியில் வடிகட்டி டம்ளரில் ஊற்றுங்கள்.

தெர்மாமீட்டர் என்று நான் சொல்வது சமையலுக்கான, ஊசி போன்ற நுனியுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் உதவாது, அது 42, 43 டிகிரியோடு நின்றுவிடும். நெற்றியில் காட்டுகிற துப்பாக்கி மாதிரியான கருவியும் வேண்டாம். சமையலுக்கென்று விற்கிற அந்த வகையும் மேல்பரப்பை மட்டும்தான் அளக்கும். நுரையும் ஆவியும் இருக்கிற இடத்தில் தப்பாகக் காட்டும். ஊசி நுனி சட்டியின் நடுவில், பாலுக்குள் நன்றாக முங்கியிருக்க வேண்டும், அடியைத் தொடக்கூடாது. பால் ஆழமில்லை என்றால் சட்டியைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு சுற்றுக் கிண்டிவிட்டு, எண் ஓடாமல் நிற்கும் வரை பாருங்கள். வாங்கியதும் ஒரு முறை சோதித்துக்கொள்ளலாம். நிறைய ஐஸ் போட்டுக் கலக்கிய தண்ணீரில் 0 காட்ட வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் 100. நீங்கள் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதைப் பார்த்துக் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம். மலையில் கொதிநிலைதான் இறங்குகிறது. முட்டைக்குத் தேவையான 71 அங்கேயும் 71தான்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால்? இரண்டு மஞ்சள் கருவுக்கு 250 மில்லி என்ற இந்த அளவில் ஓர் அடையாளம் உண்டு. கிண்டுகிற கரண்டியைத் தூக்கி, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கலவை உடனே வழிந்து கோட்டை மூடிவிட்டால் இன்னும் ஆகவில்லை. கோடு அப்படியே நின்றால் கலவை 78, 80 டிகிரிக்கு வந்துவிட்டது, அதாவது 71ஐ எப்போதோ தாண்டிவிட்டது. இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே மிதந்துகொண்டிருந்த சின்ன நுரைக் குமிழ்கள், கலவை கெட்டியாகும்போது ஒவ்வொன்றாக மறைந்து மேல்பரப்பு எண்ணெய் பூசியது போல மினுங்கும். கிண்டும்போது கையிலும் ஒரு கனம் தெரியும். ஆனால் இந்தக் கோட்டுச் சோதனையில் திரிகிற எல்லைக்கு இரண்டு மூன்று டிகிரி பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். கோடு நின்றதும் சட்டியை இறக்கி, ஆறிய இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு மஞ்சள் கரு மட்டும் போட்டிருந்தால் இந்தச் சோதனை வேலை செய்யாது. கலவை எந்தச் சூட்டிலும் கரண்டியில் ஒட்டுகிற அளவுக்குக் கெட்டியாகாது. அப்படிச் செய்வதானால் பாலை 125 மில்லியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். கர்ப்ப காலம் முழுவதும் அடிக்கடி செய்யப்போகிறீர்கள் என்றால் வாங்கிவிடுவதே என் யோசனை.

திரிந்துவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் சில முறை அப்படி நடக்கத்தான் செய்யும். ஓரத்தில் ஒரு குமிழ் எழும்பினாலே 82ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். உடனே இறக்கி, கைவசம் எடுத்துவைத்த இரண்டு கரண்டி ஆறிய காய்ச்சின பாலை ஊற்றி வேகமாக அடியுங்கள். அப்போதும் துகள் தெரிந்தால் வடிகட்டியோ, மிக்ஸியில் கொஞ்சம் ஆறியபின் ஒரு சுற்று விட்டோ கொடுக்கலாம். கெட்டது வழவழப்பு மட்டும்தான். திரிந்த முட்டை வெந்த முட்டை, குடிப்பதற்கு அதில் ஒரு பயமும் இல்லை. பயப்பட வேண்டியது, பார்க்க அழகாக, வழவழவென்று, 65 டிகிரியில் இறக்கிய பாலுக்குத்தான்.

இவ்வளவு கவனமாகச் சூடாக்கிவிட்டு, கடைசி நிமிஷத்தில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிற ஓர் இடம் உண்டு. மஞ்சள் கருவை அடித்த கிண்ணம் பக்கத்திலேயே இருக்கும். அதன் சுவரில் பச்சைக் கரு படிந்திருக்கும். வெந்த பாலைத் திரும்ப அதே கிண்ணத்தில் வடிகட்டி ஊற்றுகிறவர்களையும், கருவை அடித்த அதே கரண்டியால் கடைசியில் சர்க்கரையைக் கலக்குகிறவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டம்ளரிலேயே முட்டையை அடித்து அதிலேயே பரிமாறுகிற வழக்கமும் இருக்கிறது. ஒரு சொட்டுப் பச்சைக் கரு போதும், சூடாக்கியதன் பலன் போய்விடும். கருவை அடித்த கிண்ணம், கரண்டி, முட்டை உடைத்த தட்டு மூன்றையும் பால் அடுப்பேறிய உடனே சிங்க்கில் போட்டுவிடுங்கள். தெர்மாமீட்டர் ஊசியை 65 டிகிரியில் ஒரு முறை வைத்து எடுத்திருந்தால், கடைசியாக வைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். கையும் அப்படித்தான். முட்டையைத் தொட்ட கையால் குழாயைத் திறந்திருந்தால் குழாயையும் துடைத்துவிடுங்கள்.

உங்கள் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது என்பதும் ஒரு பிரச்சினைதான் என்று புரிகிறது. அவரும் உங்கள் மகளின் உடம்பு தேற வேண்டும் என்றுதான் சொல்கிறார். அதனால் சத்துக் கணக்கிலேயே பதில் சொல்லுங்கள். பச்சை முட்டையின் புரதத்தை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. குடலில் நேரடியாக அளந்து பார்த்தபோது, சமைத்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் சுமார் 50 சதவீதம்தான். வேகவைத்தால் சத்துப் போய்விடும் என்பதற்கு நேர் எதிராக இருக்கிறது. வெள்ளைக் கருவை விட்டுவிடுகிறோமே என்று அவர் கவலைப்பட்டால், அதை ஒரு ஆம்லெட்டாக நன்றாக வேகவைத்துப் பாலோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம், ஒன்றும் வீணாகாது.

சில வீடுகளில் முட்டைப் பாலில் கொஞ்சம் பிராந்தி விடுவார்கள். யாழ்ப்பாணத்து முட்டைக் கோப்பியிலும் அந்தப் பழக்கம் உண்டு. பிராந்தி கிருமியைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கையில் முட்டையைச் சூடாக்காமல் விடுவது தவறு. ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் பிராந்தி கலந்தால் அதிலுள்ள ஆல்கஹால், குடிக்கிற சில நிமிஷத்துக்குள் எதையும் கொல்கிற அளவுக்கு இருக்காது. மிளகும் மஞ்சளும் அப்படித்தான், ருசிக்குப் போடலாம், சூட்டுக்குப் பதிலாகாது. உங்கள் மகளுக்கோ பிராந்தியே கூடாது. முட்டைக் கோப்பி கேட்கிறவர்களுக்கு, மேலே சொன்னபடி 75 வரை செய்து முடித்த பாலில் கெட்டி டிகாக்‌ஷனைக் கலந்துகொடுத்தால் அதே ருசி வந்துவிடும். கர்ப்பிணிகளுக்குக் காபியிலும் ஓர் அளவு உண்டு என்பதால் அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டைப் பாலை ஆற்றும்போது இரண்டு சுத்தமான டம்ளரில் தூக்கி ஆற்றலாம், நுரை நன்றாக வரும். செய்ததும் குடித்துவிடுவது நல்லது. காலையில் செய்து ஃபிளாஸ்கில் ஊற்றி மத்தியானம் வரை வைத்திருப்பது வேண்டாம். ஃபிளாஸ்கில் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த அந்த வெதுவெதுப்பு, பிறகு வந்து சேருகிற எந்தக் கிருமிக்கும் வசதியாகிவிடும். மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் 32 டிகிரியைத் தாண்டுகிற நாளில் ஒரு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். மறுநாள் அதே குறைந்த தீயில், அதே போல விடாமல் கிண்டி, 75 வரை சூடாக்கிக் கொடுங்கள். மைக்ரோவேவில் ஓரம் கொதித்து நடு ஆறிக் கிடக்கும். வேறு வழியில்லை என்றால் பதினைந்து விநாடி வைத்து வெளியே எடுத்துக் கலக்கி, மறுபடி வைத்து, கடைசியில் நடுவில் சூடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே பச்சை முட்டை கலந்த பாலை மகள் குடித்திருந்தால் உடனே பதற வேண்டாம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சால்மொனெல்லா இருந்திருந்தால் ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாளுக்குள் காய்ச்சல், வயிற்றுப் பிடிப்பு, பேதி என்று தெரியவரும். கர்ப்பிணிக்கு இதில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், முட்டை குடித்த விஷயத்தையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.